செவலைக்கு வாலடியில் சீழ் கட்டிய கதை

எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கட்டுத்தரையும் தென்னந்தோப்பும் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பூனை இருக்கும். எங்கள் கடுவன் செவலைக்கும் தோப்புக்குள் திரியும் ஒரு கறுப்புக் கடுவனுக்கும் ராத்திரி சண்டை நடந்தது ஊருக்கே கேட்டது. மறுநாள் உடம்பில் ரத்தமோ கிழிசலோ எதுவும் தெரியவில்லை. அப்புறம்தான் அவன் சோற்றைத் தொடாமல் திண்ணை மூலையில் படுத்துக்கொண்டான். வாலைத் தூக்கவே இல்லை. இடுப்புப் பக்கம் கை வைத்தால் உறுமினான்.

மயிரை விலக்கிப் பார்த்தேன். வால் தொடங்கும் இடத்துக்கு இடதுபுறம் எலுமிச்சை அளவுக்கு வீங்கி, தொட்டால் சுட்டது. நடுவில் கடுகளவு பொருக்கு ஒன்று. காயம் என்று கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பூனையின் கோரைப்பல் மெல்லிசு, நீளம். வாயிலிருக்கும் கிருமியோடு தோலுக்கு அடியில் ஆழமாக இறங்கிவிடும். மேலே உள்ள ஓட்டை சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி காற்றுப் படாமல் உள்ளே பெருகும். அதனால்தான் சண்டை முடிந்து 2 முதல் 4 நாள் கழித்து வீக்கம் தெரிகிறது. எதிர்த்து நின்ற பூனைக்குக் கன்னத்திலும் முன்னங்காலிலும் கடி இருக்கும், ஓடினதுக்கு வாலடியில். எங்கள் வீரன் எந்த வகை என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அம்மாயி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். “பழுத்துத் தானா உடையட்டும் கண்ணு, எதுக்கு ஊசி?” பூனை அதை நக்கி விழுங்கிவிடும் என்பது ஒரு பக்கம். தானாக உடையும் வரை விடுவதுதான் பெரிய ஆபத்து. பூனைத்தோல் தளர்வானது, சீழ் அடியிலேயே பரவி இடத்தைப் பெரிசாக்கும். தோல் கறுத்து அழுகலாம், கிருமி ரத்தத்தில் கலக்கலாம். உடைந்தாலும் சின்ன ஓட்டை மூடிக்கொண்டு மறுபடி கட்டும். ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பூனைக்கு அது விஷம், ஒரே மாத்திரையிலேயே உயிர் போகும். டெட்டாலும் ஆகாது.

கால்நடை மருத்துவரிடம் காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. பூனைக்கு 102.5 வரைதான் சாதாரணம். வீக்கத்தை அழுத்தினால் நடுவில் தண்ணீர்ப் பைபோல அமுங்கியது, சீழ் திரண்டுவிட்டது என்றார். மயக்க ஊசி போட்டு, மயிரை மழித்து, வீக்கத்தின் அடிப்பகுதியில் கீறினார், வடிவது தானாகக் கீழே இறங்க வேண்டுமே. பழுப்பும் ரத்தமும் கலந்து வந்த நாற்றத்தில் கம்பவுண்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிஞ்சில் சலைன் பீய்ச்சி, திரும்பி வரும் நீர் தெளியும் வரை கழுவினார். குழி பெரிது என்பதால் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றை உள்ளே செருகி வெளியே நீட்டிவிட்டார். தையல் போட்டு மூடவில்லை. மூடினால் உள்ளே மறுபடி சீழ்தான்.

மருந்து அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்தது. 4 கிலோ எடைக்குக் கணக்குப் போட்டு, ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் என்று தினம் இரண்டு வேளை எழுதினார். வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்தாதீங்க என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சிரமம் அதற்கப்புறம்தான். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்புப்பட்டை. வெளியே விட்டால் ஈ மொய்த்துப் புழு வைக்கும், அதனால் நெல் மூட்டை அறையில் அடைத்தோம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, வடிவதைத் துடைத்தோம். காய்ச்சல் இறங்கியதும் மீன் வாசனைக்கு எழுந்து வந்தான். சீழ் நின்று வெறும் ரத்தநீர் கசிந்தபோது டாக்டர் பட்டையை உருவினார், குழி உள்ளிருந்து தூர்ந்து வந்தது. இதற்கிடையில் மறுபடி வீங்கினாலோ, காலை ஊன்றாமல் நொண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வரச் சொல்லியிருந்தார். எலும்பிலோ மூட்டிலோ நெஞ்சுக்கூட்டிலோ சீழ் இறங்கியிருக்கலாமாம்.

அடுத்த முறை சண்டை போட்ட அன்றே கூட்டி வரச் சொன்னார். கடித்து 24 மணி நேரத்துக்குள் மருந்து போய்விட்டால் பெரும்பாலும் சீழ் கட்டாது, கீற வேண்டிய வேலையும் இல்லை.

தோப்புக் கடுவன் யார் வீட்டுப் பூனை என்று தெரியாததால் செவலைக்கு ரேபிஸ் தடுப்பூசி மறுபடி போட்டார். பிடிக்கும்போது என் கையில் விழுந்த கீறலைக் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் ஊசிக்குப் போனேன். பூனை எய்ட்ஸ் எனப்படும் வைரஸ் கடி வழியாகத்தான் அதிகம் பரவும். மனுசருக்கு அது ஒட்டாது. உடனே பார்த்தால் தெரியாது என்பதால், 2 மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. விதை எடுக்கும் ஆபரேஷனையும் அப்போதே முடித்துவிடலாம் என்றிருக்கிறோம். அம்மாயிக்குத்தான் அதில் சம்மதமில்லை.