மூடிய ஜாடிக்குள் செம்பருத்திக் கிளை: ஒரு மணி நேரச் சுவாசத்துக்கு எவ்வளவு சர்க்கரை?

செடி சுவாசிப்பதை அளக்கத் தொட்டியோடு தூக்கி ஜாடிக்குள் வைத்தால் கணக்கு கெட்டுவிடும். தொட்டி மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன; எது இலையுடையது, எது மண்ணுடையது என்று பிரிக்க முடியாது. அதனால் ஆறு இலையுள்ள செம்பருத்திக் கிளையை வெட்டி, சின்னத் தண்ணீர்ப் புட்டியில் செருகி, மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடிக்குள் வைத்தோம். இலைகளைக் கட்டப்பேப்பரில் வரைந்து கட்டங்களை எண்ணியதில் மொத்தப் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. புட்டியும் சென்சாரும் அடைக்கும் இடம் போக, ஜாடியில் காற்று 2.8 லிட்டர்.

சென்சார் வாங்கும்போது கவனம் தேவை. விலை மலிவான சில பலகைகள் வேறு வாயுக்களை உணர்ந்து, கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு இருக்கலாம் என்று உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டுபவை. இந்த வேலைக்கு அவை உதவாது. அகச்சிவப்பு ஒளியால் நேராக அளப்பதுதான் வேண்டும். அதிலும் தானாகவே அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி இருந்தால் அணைத்துவிட வேண்டும். அண்மையில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்றின் அளவு என்று அது எடுத்துக்கொள்வதால், மூடிய ஜாடியில் நாளாக ஆகத் தப்பான எண்ணையே காட்டும்.

வயர் நுழையும் துளையை சிலிக்கான் பசையால் அடைத்தபின், கிளை இல்லாத ஜாடிக்குள் லேசாக ஒருமுறை ஊதி மூடிப் பார்க்கவும். எண் 2000 பிபிஎம் பக்கம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 2000 பங்கு என்ற அளவுக்கு, ஏறி அங்கேயே நின்றால் ஜாடி சரி. மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு.

ஜாடியைக் கறுப்புத் துணியால் சுற்றி, மேலே அலுமினியத் தாள். இருட்டாக்கியவுடன் வரும் எண்களை நம்பக் கூடாது; வெளிச்சத்தில் இருந்து வந்த இலை முதல் சில நிமிடங்கள் வழக்கத்துக்கு மாறாக வேகமாக வாயுவை விடும். அரை மணி நேரம் கழித்துத் திறந்து காற்றை மாற்றி, மீண்டும் மூடி, அப்போதிருந்து எழுதினோம். ஜாடிக்குள் 30 டிகிரி. தொடக்கத்தில் 440 பிபிஎம், ஒரு மணி நேரம் கழித்து 990.

கூடியது 550 பிபிஎம். 2.8 லிட்டரில் அது 1.54 மி.லி. கார்பன் டை ஆக்சைடு. அந்த வெப்பத்தில் எடை சுமார் 2.7 மி.கி. இனிச் சர்க்கரைக் கணக்கு:

C6H12O6 + 6O2 → 6CO2 + 6H2O

180 கிராம் குளுக்கோஸ் எரிந்தால் 264 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக வாயுவின் எடையை 0.68 ஆல் பெருக்கினால் போதும். ஒரு மணி நேரத்துக்கு 1.85 மி.கி. குளுக்கோஸ், பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 22 மி.கி. இரவு குளிரக் குளிர இது குறையும். பத்து டிகிரி இறங்கினால் சுவாசம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதனால் வெப்பநிலையைக் குறிக்காமல் எடுத்த அளவுக்கு மதிப்பே இல்லை.

வளராமல் சும்மா இருக்கும் இலைக்கு இரவில் என்ன செலவு? பழுதான புரதங்களை உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். செல்சவ்வின் இருபுறமும் உப்பு அயனிகள் சமமாகிவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேருக்கும் மொட்டுக்கும் சர்க்கரையை ஏற்றி அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வேண்டும். அதைச் சேமித்து வைக்க முடியாது, கையிருப்பு சில நிமிடங்களுக்குக்கூடத் தாங்காது. எனவே செல்லின் திரவத்தில் குளுக்கோஸ் பைருவேட்டாக உடைந்து, அது மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு எரிந்து முடிவது இரவெல்லாம் நிற்காமல் நடக்கிறது. பகலிலும் அது நடக்கிறது; ஒளிச்சேர்க்கை அந்த வாயுவை உள்ளேயே திரும்ப இழுத்துக்கொள்வதால் ஜாடியில் தெரிவதில்லை.

இரவுச் சர்க்கரை வருவது, பகலில் பசுங்கணிகத்துக்குள் சேர்ந்த ஸ்டார்ச்சிலிருந்து. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செடியிலிருந்து மாலையில் ஓர் இலை, விடிவதற்கு முன் ஓர் இலை பறித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆல்கஹாலில் பச்சையம் நீங்கும்வரை வைத்து, அயோடின் விடவும். ஆல்கஹாலை நேரடித் தீயில் சூடாக்காமல், அடுப்பை அணைத்தபின் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே சூடாக்க வேண்டும். மாலை இலை கருநீலமாகும். விடியல் இலையில் அந்த நிறம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

நல்ல வெயிலில் இத்தகைய இலை, இரவில் ஒரு மணி நேரத்தில் செலவழிப்பதைப்போலப் பத்து மடங்கு சேர்க்கும். அதாவது ஒரு மணி, ஒன்றேகால் மணி நேர வெயில் இலையின் சொந்த இரவுச் செலவுக்குப் போதும். ஆனால் வேர், தண்டு, மொட்டு எல்லாம் சேரும்போது, முழுச் செடியின் ஒரு நாள் சம்பாத்தியத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கோ, பாதியோ சுவாசத்திலேயே போய்விடும்.

இதே சோதனைக்குக் கற்றாழையை எடுத்தால் இருட்டில் எண் ஏறாமல் இறங்கக்கூடும். சென்சார் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கற்றாழை இலைத்துளைகளை இரவில் திறந்து, கார்பன் டை ஆக்சைடை அமிலமாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. அதன் மைட்டோகாண்ட்ரியா விடும் வாயுவும் அந்த அமிலத்துக்கே போகிறது.