‘நியம அமுக்கத்தில்’

நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாலை வகுப்பு எடுக்கிறேன். எல்லாத் தரத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில்தான். பத்தாம் தரத்துப் பையன் ஒருவன் கொதிநிலை படிக்கும்போது, ஆறாம் தரத்துத் தங்கச்சி எட்டிப் பார்த்து, “எனக்கும் அது வேணும் சேர்” என்றாள். அன்றிரவு அண்ணன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். தங்கச்சி வாசிக்கிற மாதிரி ஒரு தாளில் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

படத்தில் இருந்த வாக்கியம் இப்படி: ஒரு திரவத்தின் ஆவியமுக்கம் வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கத்துக்குச் சமனாகும் வெப்பநிலை அதன் கொதிநிலை. நியம வளிமண்டல அமுக்கத்தில் தூய நீரின் கொதிநிலை 100 °C. அமுக்கத்தின் பெறுமானம் 1.013 × 10⁵ Pa என்று பக்கத்தில் கொடுத்திருந்தது. நான் அதை 1.013 × 105 என்று பார்த்து எழுதினேன். புத்தகம் நடுவில் வளைந்திருந்ததால் அந்தக் குட்டி 5 கீழே இறங்கி வந்தது போல் தெரிந்தது. பிழை என்று காட்டிக்கொடுத்தது அதே பக்கத்தில் இருந்த இன்னொரு எண்: அதே அமுக்கத்தைக் காட்டும் இரச நிரலின் உயரம், 760 மிமீ. இரசத்தின் அடர்த்தி 13 600 kg/m³, அதை 9.8-ஆலும் 0.76-ஆலும் பெருக்கினால் 101 300-க்கு மிக அருகில் வரும். நான் எழுதியபடி பார்த்தால் வெறும் 106 தான் வருகிறது. மறுநாள் புத்தகத்தை விரித்து அழுத்திப் பிடித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். தங்கச்சிக்கு இன்னும் அடுக்கு தெரியாது. அதனால் தாளில் 101 300 Pa என்று எழுதினேன். எண்ணின் தோற்றம் மாறலாம், பெறுமானம் மாறக்கூடாது. ‘ஏறத்தாழ ஒரு லட்சம்’ என்று எழுத ஒரு கணம் கை போனது உண்மை.

ஆனால் பெரிய பிழை எண்ணில் இல்லை. ‘ஆவியமுக்கம்’ என்ற சொல் பிள்ளைக்குக் கடினம் என்று நினைத்து, முதல் தாளில் “தண்ணீர் ஆவியாக மாறும் வெப்பநிலையே கொதிநிலை, அது 100 °C” என்று எழுதிவிட்டேன். வாசிக்க எவ்வளவு சுகம்! தங்கச்சி தடங்கலில்லாமல் வாசித்தாள். அப்புறம் கேட்டாள், “அப்போ கொடியில காயிற துணி 100 டிகிரியிலயா காயுது?” ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் திரவத்தின் மேற்பரப்பில் நடக்கும். கொதித்தலில் திரவத்துக்கு உள்ளேயே குமிழ்கள் உண்டாகும். இரண்டையும் நான் ஒன்றாக்கியிருந்தேன்.

அண்ணன் விடவில்லை. அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பிடித்தான். தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் இரசம் 94-க்குக் கிட்ட நின்றுவிட்டது. “சேர், வெப்பமானி பழுதா?” பழுது என் தாளில்தான். ‘நியம வளிமண்டல அமுக்கத்தில்’ என்ற சொற்களை நீளம் குறைக்க வெட்டியிருந்தேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். மேலே போகப் போக வளிமண்டல அமுக்கம் குறையும். அதனால் தண்ணீரும் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 °C என்று வைத்துக்கொள்ளலாம். கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொற்களை வெட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கே தாளே பொய்யாகிவிட்டது.

இரண்டாவது தாளில் முறையை மாற்றினேன். எழுதத் தொடங்கும் முன், படத்தைப் பெரிதாக அச்செடுத்து வரைவிலக்கணத்தையும் எண்களையும் நிபந்தனைகளையும் சிவப்பால் அடிக்கோடிட்டேன். அந்தச் சிவப்பில் கை வைப்பதில்லை. வரைவிலக்கணத்தைப் புத்தகத்தில் இருந்தபடியே ஒரு பெட்டிக்குள் போட்டேன். அதற்கு முன்னால் சின்னச் சின்ன வாக்கியங்கள்: ‘நம்மைச் சுற்றியுள்ள காற்று தண்ணீரின் மேல் அமுக்குகிறது. தண்ணீரிலிருந்து வரும் ஆவியும் அமுக்கும். அந்த அமுக்கத்துக்கு ஆவியமுக்கம் என்று பெயர். சூடாக்கச் சூடாக்க அது கூடும்.’ இப்படிச் சொன்ன பிறகு அந்தக் கடினச் சொல்லை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. ‘வெப்பநிலை’க்குப் பதில் ‘சூடு’ என்று போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று விட்டேன். சூட்டை அளந்து 100 என்று யாரும் சொல்வதில்லை, அளப்பது வெப்பநிலையை.

தாள் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது, மூலத்தை விட நீளம். கடைசியாக இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்களை மட்டும் வாசித்தேன்: 100, 760, 101 300, ஒவ்வொன்றோடும் அதன் அலகும் நிபந்தனையும். 94 புத்தகத்தில் இல்லை, எங்கள் அடுப்பில் பார்த்தது. அதை அடியில் தனியாக, ‘நாங்கள் அளந்தது’ என்று எழுதினேன்.

தங்கச்சி இந்த முறை ‘ஆவியமுக்கம்’ என்ற இடத்தில் இரண்டு தடவை தடுக்கினாள். மூன்றாவது தடவை சரியாகச் சொன்னாள். அப்புறம் அடியில் இருந்த 94-ஐக் காட்டி, “அம்மா வீட்டுல பருப்பு வேக நேரமாகுதுன்னு சொல்றது இதனாலயா?” என்றாள்.