எதால் வகுப்பது?

"கொழும்புக்குப் போகட்டுமா, இல்லாட்டி ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கட்டுமா சேர்?" என்று அவள் கேட்டாள். நான் "போ" என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில் இல்லை அது. ஆனாலும் இன்னும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த பிள்ளை. இப்போது இடத்தியல் என்ற தூய கணிதப் பிரிவில் எம்.எஸ்சி. கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவேரியல் பிரிவு நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. அங்கே கேட்ட கணக்கை என்னிடமும் சொன்னாள். ஜனவரி முதலாம் திகதி 100 காப்புறுதிகள் விற்றார்கள், ஒக்டோபர் முதலாம் திகதி இன்னும் 100. டிசம்பர் முடிவதற்குள் 20 பேர் தவணை கட்டாமல் விட்டுவிட்டார்கள். ஓர் ஆண்டுக்கான கைவிடும் வீதம் என்ன?

இருபதை இருநூறால் வகுத்து 10 சதவீதம் என்றாளாம். எதிரில் இருந்தவர் சிரித்தாராம். ஒக்டோபரில் வாங்கியவர்கள் மூன்று மாதம்தான் கணக்கில் இருந்திருக்கிறார்கள், ஆகவே அந்த நூறு பேரும் முழு ஆண்டும் இருந்த 25 பேருக்குத்தான் சமம். மற்ற நூறையும் சேர்த்தால் 125. வீதம் 16 சதவீதத்துக்கு வந்துவிடும். இடையில் விட்டுப்போனவர்களின் மீதி நாட்களையும் கழித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். முதல் சில மாதங்களில்தான் பலர் விடுகிறார்கள் என்றால் அந்தப் பதினாறையும் நம்ப முடியாது, மாதவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கணக்கு இலகுதான். எதால் வகுப்பது என்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், அவ்வளவுதான். நானும் அப்படியொரு பிரிவில் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் எனக்கு இது தெரியும். அங்கே நாளின் பெரும்பகுதி எக்செலில் திகதி தவறிய வரிகளைத் தேடுவதிலேயே போகும். மாலையில் லண்டன் ஆக்சுவரி பரீட்சைக்குப் படிக்க வேண்டும். சி.எஸ்.1 என்ற பாடத்தில் நிகழ்தகவோடு ஆர் என்ற கணினி மொழியும் வரும், சி.எம்.1 இல் வட்டியும் ஆயுள் அட்டவணையும். இடத்தியல் தெரியும் என்பதற்காக யாரும் ஒரு பாடத்தையும் விட்டுத்தரப் போவதில்லை.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? முதல் நியமனம் பெரும்பாலும் வெருகல், ஈச்சிலம்பற்று மாதிரித் தூரப் பக்கம் விழும். உயர்தர வகுப்பு மூத்தவர்கள் கையில் இருக்கும், இவளுக்கு எட்டாம் தரத்துப் பின்னங்கள் கிடைக்கும். எம்.எஸ்சி இருந்தாலும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தனியாகச் செய்தாக வேண்டும். ஓய்வூதியம் உண்டு, அது பெரிய விஷயம். கம்பனியில் ஓய்வூதியம் கிடையாது, ஊழியர் சேமலாப நிதிதான்: நம் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் போடுவது 12.

இதையெல்லாம் அவளுக்கு விரிவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "அப்ப நீங்க ஏன் சேர் திரும்பி வந்தீங்க?" என்றாள்.

"அம்மா தனிய இருந்தா" என்றேன். பொய்யில்லை. ஆனால் அம்மா சித்தியோடு இருந்திருக்கலாம், சித்தி கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை என்றுதான் அப்போது பட்டது.

உண்மையில் எனக்கு அந்தப் பதினாறு பிடிக்கவில்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அது ஒரு மதிப்பீடு, அடுத்த காலாண்டில் மாறிவிடும். இங்கே உயர்தர வினாத்தாளில் பகுதி ஆ வினா ஒன்றுக்கு 150 புள்ளி, தேவையான தரவெல்லாம் வினாவிலேயே இருக்கும், நிறுவினால் நிறுவியதுதான். அந்த நிம்மதிக்காகத்தான் வந்தேனோ என்னவோ. அப்படியென்றால் அவளை நான் போகச் சொன்னது அவளுக்காகவா, நான் தாங்காததை அவள் தாங்குகிறாளா என்று பார்க்கவா? இல்லை, இது வீண் யோசனை. நேர்முகத்தில் சறுக்கியவள் வீட்டுக்குப் போய் மாதவாரி அட்டவணை போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தப் பழக்கம் உள்ளவளுக்கு அந்த வேலை சரிதான். இன்று கேட்டாலும் "போ" என்றுதான் சொல்வேன்.

ஆனால் போன கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார். இணைந்த கணிதத்தில் இரண்டாம் வினாத்தாளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. பதில் ஆள் வரும்வரை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தால் ஒரு கொடுப்பனவு தரலாம், நிலையியலும் இயக்கவியலும் நடத்தக்கூடிய யாராவது தெரியுமா என்று கேட்டார். கொழும்பிலிருந்து அவளுக்கு இன்னும் கடிதம் வரவில்லை. நான் அவளுடைய நம்பரைக் கொடுத்தேன். கொடுத்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அதிபர் எடுத்துப் பேசிவிட்டாரா என்றும் கேட்கவில்லை.