வாடகை உயர்வைக் கடிதமாக எழுதியபோது

என் வீட்டில் குடியிருப்பவரோடு போட்ட ஒப்பந்தத்தில், வாடகையை மாற்றுவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு ஷரத்து உண்டு. அதனால் புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.

வரி, பராமரிப்பு, காப்பீடு மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தன. அதற்காக வாடகையையும் 20 சதவீதம் ஏற்றுவது நியாயமில்லை. வாங்கும் வாடகையில் இந்தச் செலவுகளுக்குப் போனது 30 சதவீதம்தான். முப்பதில் 20 சதவீதம் என்றால் ஆறு. ஆக, பழைய வாடகையில் 6 சதவீதம் கூட்டினாலே கூடிய செலவு ஈடாகிவிடும். அந்த வருடம் மோட்டார் மாற்றிய செலவை இதில் சேர்க்கவில்லை. அது ஒருமுறை வந்து போகும் செலவு, வாடகையோ ஏறினால் ஏறியதுதான்.

அக்கம்பக்கத்தில் இதைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் கடிதத்தில் அதை எழுதவில்லை. அப்படி எழுதினால் படிப்பவருக்கு அது விளக்கமாகத் தெரியாது, மிரட்டலாகத்தான் தெரியும். என் சொந்தக் கடன், வீட்டுச் செலவு எதையும் எழுதவில்லை. அவை குடியிருப்பவர் சுமக்க வேண்டியவை அல்ல.

முதல் பத்தியிலேயே இப்போதைய வாடகை, புதிய வாடகை, எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்றையும் போட்டேன். நன்றியையும் நலம் விசாரிப்பையும் நீட்டிவிட்டுக் கடைசியில் தொகையைச் சொன்னால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். அப்புறம் காரணத்தை இப்படி எழுதினேன்:

"கடந்த இரண்டு ஆண்டுகளாக வாடகையை மாற்றவில்லை. இதற்கிடையில் வரி, பராமரிப்பு, காப்பீட்டுச் செலவுகள் கூடியுள்ளன. அந்தக் கூடுதலை மட்டுமே ஈடுசெய்யும் வகையில் 6 சதவீதம் உயர்த்த எண்ணியுள்ளேன். ரசீதுகளைப் பார்க்க விரும்பினால் காட்டுகிறேன். முன்பணத்திலும் மற்ற நிபந்தனைகளிலும் மாற்றமில்லை. இதில் உங்களுக்குச் சிரமம் இருந்தால் மாத இறுதிக்குள் சொல்லுங்கள், பேசிக்கொள்வோம்."

'சம்மதமில்லையென்றால் காலி செய்யலாம்' என்ற வரியைப் பலர் சேர்ப்பார்கள். எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே வருட வாடகையில் எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். நான் கேட்பதோ ஆறு. தவிர, தேதி தவறாமல் வாடகை கொடுத்து, வீட்டைத் தன் வீடுபோல் வைத்திருப்பவரிடம் அப்படிப் பேசவும் மனம் வராது.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். சில நாள் கழித்து அவரே வந்தார். ரசீதுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உயர்வு சரிதான் சார். ஆனா அடுத்த வருஷமும் ஏறுமோன்னுதான் யோசனையா இருக்கு" என்றார். குளியலறை ஜன்னல் சரியாக மூடவில்லை என்பதையும் சொன்னார்.

இரண்டுமே ஞாயமான பேச்சு. ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுக்குப் போட்டு, அதுவரை வாடகை மாறாது என்று எழுதினோம். புதிய வாடகை தொடங்கும் முன் ஜன்னலைச் சரிசெய்து தருவதையும் அதிலேயே சேர்த்து இருவரும் கையெழுத்திட்டோம்.