125 கிலோ நண்டு

மண்டபம் பக்கத்துக் கரையில் நண்டு எடுக்கும் ஒரு வியாபார நிறுவனத்துக்குக் கணக்கு எழுதித் தரும் சிறிய அலுவலகம் எங்களுடையது. கரையில் ஏஜென்ட் எடை போட்டுச் சீட்டு எழுதுவார். மேல் தாள் வள்ளக்காரருக்குப் போகும், கார்பன் நகல் புத்தகத்தில் தங்கும். அந்த நகலைப் போனில் படமெடுத்து அனுப்புவார்கள். மென்பொருள் படத்தைப் படித்து வகை, கிலோ, விலை, தொகை என்று நான்கு கட்டங்களை நிரப்பும். முன்பு மூன்று பேர் தட்டச்சு செய்த வேலை இது. இப்போது கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர்தான் சரிபார்க்கிறார். எல்லாச் சீட்டையும் அவர் பார்க்க முடியாது. ஆகவே எந்த எண்ணைப் படத்தோடு ஒப்பிட வேண்டும் என்று மஞ்சள் நிறத்தில் காட்டிக்கொடுப்பது என் வேலை.

படிக்கும்போதே மென்பொருள் ஒவ்வொரு எழுத்துக்கும் 0 முதல் 1 வரை ஒரு நம்பிக்கை மதிப்பெண் தரும். 0.90க்குக் கீழே இருந்தால் மஞ்சள் என்று ஆரம்பத்தில் வைத்தேன். ஈரக்கையால் எழுதிய சீட்டு, மங்கிய கார்பன், சாய்வாக எடுத்த படம் எல்லாம் சேர்ந்து திரை முழுக்க மஞ்சளாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அக்காவின் பின்னால் நின்று பார்த்தேன். மஞ்சள் கட்டம் வந்ததும் கண் படத்துக்குப் போவதற்குள் விரல் என்டரை அழுத்திவிடுகிறது. கேட்டால், "மஞ்சள்னா என்டர்னு கை பழகிருச்சு தம்பி" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வள்ளங்கள் மட்டும் போய்வருவதால் சீட்டு குறையும். அந்த ஓய்வில் 200 சீட்டுகளை நாங்களே முழுதாகத் தட்டச்சு செய்து, மென்பொருள் படித்ததோடு ஒப்பிட்டோம். தப்பான எண்கள் எந்த மதிப்பெண்ணில் கிடக்கின்றன என்று பார்த்து எல்லையை 0.80க்கு இறக்கினேன். வகைக் கட்டத்துக்கு இன்னும் கீழே இறக்கினேன். நீலக்கால் நண்டு என்பதில் ஒரு எழுத்து மாறினால் யாருக்கும் நட்டமில்லை, விலையில் ஒரு இலக்கம் மாறினால் நட்டம்.

அந்த ஒப்பீட்டில் என்னுடைய ஒரு தப்பும் வெளிப்பட்டது. கட்டத்தின் மதிப்பெண்ணாக எழுத்துகளின் சராசரியை எடுத்துக்கொண்டிருந்தேன். 340 என்ற விலையில் 3க்கு 0.99, 4க்கு 0.98. கடைசி இலக்கம் 0வா 6வா என்று தெரியாமல் 0.52. சராசரி 0.83 வருவதால் மஞ்சளே விழாமல் தப்பிவிடும். சந்தேகம் எப்போதும் ஒரு இலக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும், கட்டம் முழுவதும் பரவியிருக்காது. அதனால் இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்ணைக் கட்டத்தின் மதிப்பெண்ணாக எடுக்கத் தொடங்கினேன்.

மதிப்பெண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதால், கிலோவை விலையால் பெருக்கித் தொகையோடு ஒப்பிடும் சோதனையையும் சேர்த்தேன். கரையில் ஐந்து ரூபாய்வரை முன்பின் விட்டு எழுதுவார்கள். அதனால் அந்த அளவு வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று வைத்தேன். இரண்டு சல்லடை போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தபோதுதான் அந்தச் சீட்டு வந்தது.

"இது எந்த ஊரு வள்ளம் தம்பி? ஒரே வள்ளத்துல 125 கிலோ நண்டா?" என்று அக்கா திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கட்டம்கூட மஞ்சள் இல்லை. கிலோ 125, விலை 340, தொகை 42501. பதிவு இப்படி இருந்தது:

```
{"field":"weight","value":"125","conf":0.96,"flag":null}
{"field":"rate","value":"340","conf":0.97,"flag":null}
{"field":"amount","value":"42501","conf":0.91,"flag":null}
```

படத்தைப் பெரிதாக்கினோம். சீட்டில் இருந்தது 12.5 கிலோ, 340 ரூபாய், 4250/-. பேனாவின் புள்ளி கார்பனில் சரியாகப் பதியவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் ஒரு சாம்பல் நிழல் தெரிந்தது. அதனால் 12.5 என்பது 125 ஆகிவிட்டது. தொகைக்குப் பின்னால் நாம் எல்லோரும் போடும் அந்தச் சாய்ந்த கோடு 1 ஆகி, சிறு கோடு காணாமல் போய், 4250 என்பது 42501 ஆகிவிட்டது. 125 பெருக்கல் 340 என்றால் 42500. ஒரு ரூபாய்தான் வித்தியாசம், நான் விட்டுவைத்த ஐந்து ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. இரண்டு தப்புகள் கைகோத்துக்கொண்டு என் காவலைத் தாண்டிப் போயிருந்தன. அக்கா பார்க்காமல் விட்டிருந்தால் அந்த வள்ளக்காரர் கணக்கில் பத்து மடங்கு ஏறியிருக்கும்.

0.96 என்று மென்பொருள் பொய் சொல்லவில்லை என்பது அப்போது உறைத்தது. 1, 2, 5 மூன்றும் தெளிவாகத்தான் இருந்தன. தான் கண்ட எழுத்துக்குத்தான் அது மதிப்பெண் போடும். கண்ணில் படாத புள்ளிக்கு எதைப் போடும்?

அதன் பிறகு மதிப்பெண்ணைப் பார்க்காமலே மஞ்சள் போடும் இரண்டு விதிகளை எழுதினேன். புள்ளியே இல்லாமல் மூன்று இலக்கத்தில் கிலோ வந்தால் மஞ்சள். கடைசி 1ஐ எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்தத் தொகை கிலோ, விலைப் பெருக்கலோடு, அல்லது அதில் பத்தில் ஒரு பங்கோடு ஒத்துப்போகிறதா? போனால் மஞ்சள். கடைசி 1ஐ நானே வெட்டிவிடலாமே என்றும் தோன்றியது. ஆனால் 1 ரூபாயில் முடியும் உண்மையான தொகையும் வரும். எண்ணைத் திருத்துவது படத்தைப் பார்க்கிறவரின் வேலை, விதியின் வேலையில்லை. மஞ்சளோடு காரணத்தையும் ஒரு வரியில் காட்டினேன்: "புள்ளி இருக்கிறதா பாருங்கள்", "கடைசி 1 கோடா பாருங்கள்". எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று தெரிந்ததும் அக்கா உண்மையிலேயே படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கழிவுதான் இன்னும் தொல்லை. சில ஏஜென்ட்கள் கூடைக்கும் தண்ணீருக்கும் அரைக் கிலோ கழித்துத் தொகை போடுவார்கள், ஆனால் கிலோ கட்டத்தில் கழிக்காத எடையையே எழுதுவார்கள். பெருக்கல் ஒத்துவராது, ஆனால் படித்ததில் தப்பும் இல்லை. அப்படிப்பட்டதை வெளிர் நீலமாகக் காட்டி, சீட்டில் உள்ளபடியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சள் கட்டத்தில் மென்பொருள் படித்த எண்ணை இப்போது காட்டுவதில்லை. படத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பக்கத்தில் வைத்து, கட்டத்தை வெறுமையாக விடுகிறேன். 125 என்று எதிரில் எழுதியிருந்தால் கண்ணும் 125 என்றுதான் படிக்கும். அக்கா போடுவது மென்பொருள் படித்ததோடு ஒத்தால் அடுத்த சீட்டு, ஒத்துவராவிட்டால் திரும்ப ஒருமுறை கேட்கும். மஞ்சள் இல்லாத சீட்டுகளிலும் தினமும் இருபதைக் குலுக்கலில் எடுத்து அவர் முன் வைக்கிறேன், அதில் தப்பு கிடைத்தால் புது விதி எழுத வேண்டியிருக்கும்.

ஒருநாள் அக்கா இன்னொரு பொத்தான் கேட்டார். "படத்துலயே தெரியலன்னா நான் என்ன தம்பி போடுறது? இப்பவரைக்கும் உத்தேசமாத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன்." அந்த வாரமே 'தெரியவில்லை' பொத்தான் வந்தது. அதை அழுத்தினால் ஏஜென்ட்டுக்குப் போன் போகும். மூன்றாவது நாளே ஏஜென்ட் சலித்துக்கொண்டு கேட்டார்: "சார், நகல்ல புள்ளி விழலன்னு டெய்லி கூப்பிடுறீங்க. மேத்தாள்ல நல்லாத்தானே இருக்கு? கிழிச்சுக் குடுக்குறதுக்கு முன்னாடி அதையே படம் எடுத்துடவா?"

மறுநாள் காலையிலிருந்து மேல் தாள் படங்கள் வருகின்றன. நீல மையில், புள்ளியோடு.