அப்பாவின் பாஸ்புக்கும் அம்மாவின் பாஸ்புக்கும்

கும்பகோணத்து வீட்டைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியின் அடியில் இரண்டு பாஸ்புக்குகள் கிடைத்தன. ஒன்று அம்மாவுடையது, அதில் கடைசியாகப் பணம் எடுத்த பதிவு 2021 மார்ச் மாதத்தியது, இருப்பு நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். மற்றொன்று வேறொரு வங்கியில் அப்பா வைத்திருந்த கணக்கு. அதன் கடைசிப் பதிவு 2009 ஆகஸ்டில் 18,200 ரூபாயோடு நின்றிருந்தது. அப்பா 2011 ஜனவரியில் காலமானார். இப்படியொரு கணக்கு இருந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது. 2024 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை இந்த இரண்டு கணக்குகளுக்காகவும் அலைந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் அம்மாவின் கணக்கு. சென்னையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அதே வங்கியின் கிளையில் பாஸ்புக்கை நீட்டியபோது, கணக்கு ‘இன்ஆபரேட்டிவ்’ ஆகிவிட்டது என்றார்கள். "அதெப்படி? என் இன்னொரு கணக்கு இதே பேங்க்லதானே ஓடிக்கிட்டிருக்கு, கேஸ் மானியம் மாசாமாசம் வருதே" என்று அம்மா கேட்டார். கேள்வி நியாயமானதுதான், ஆனால் விதி வேறு மாதிரி இருக்கிறது. சேமிப்புக் கணக்கிலோ நடப்புக் கணக்கிலோ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளரின் செயல் எதுவும் இல்லையென்றால் அது செயலற்ற கணக்காகிவிடும். இதை வங்கி ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகப் பார்க்கிறதே தவிர, ஆளை வைத்துப் பார்ப்பதில்லை. ஒரே வங்கியில் மூன்று கணக்கு வைத்திருப்பவருக்கு இரண்டு ஓடிக்கொண்டிருக்க, மூன்றாவது மட்டும் உறங்கிப் போகலாம்.

அம்மாவின் பாஸ்புக்கில் 2021-க்குப் பிறகும் வரவுகள் அச்சாகியிருந்தன என்பதுதான் எங்களைக் குழப்பியது. அவை எல்லாமே வங்கி தானாக வரவு வைத்த சேமிப்பு வட்டி. வங்கி தரும் வட்டியும், வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணமும் வாடிக்கையாளரின் செயலாகக் கணக்கில் சேராது. நாமாகப் பணம் போடுவது, எடுப்பது, ஏ.டி.எம். அல்லது நெட்பேங்கிங் வழியாக எதையாவது செய்வது, கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பிப்பது போன்றவைதான் சேரும். கணக்கு செயலற்றதாகப் போகிறது என்று வங்கி கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்ப வேண்டும், அனுப்பியும் இருப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கில் இருந்தது கும்பகோணம் முகவரி, பதிவான கைப்பேசி எண்ணோ எப்போதோ கைவிட்ட பழைய எண்.

கவுண்ட்டரில் இருந்தவர், கணக்கு தொடங்கிய கிளைக்கே போக வேண்டும் என்றார். எழுபத்து நான்கு வயதானவரை முந்நூறு கிலோமீட்டர் அழைத்துச் செல்லச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தாலும், அதைக் காட்டிக்கொள்ளாமல் ரிசர்வ் வங்கியின் 2024 ஜனவரி 1 தேதியிட்ட சுற்றறிக்கையைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளின்படி, செயலற்ற கணக்கை உயிர்ப்பிப்பதற்கான கே.ஒய்.சி. புதுப்பிப்பை எந்தக் கிளையிலும் செய்துகொள்ளலாம், இதற்குக் கட்டணம் எதுவும் வாங்கக்கூடாது, முழுமையான விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முடித்துக்கொடுக்க வேண்டும். செயலற்ற கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கவும் கூடாது. அவர் உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தார்.

ஆதார் நகல், பான் அட்டை நகல், ஒரு புகைப்படம், படிவம் என்று இதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டது. முதலாவது இனிஷியல். பாஸ்புக்கில் அம்மாவின் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து மட்டும் இருந்தது. பான் அட்டையிலோ அப்பாவின் முழுப்பெயரே பெயரின் பின்பகுதியாக இருந்தது. கணினியில் இரண்டு பெயர்களும் ஒத்துப்போகவில்லை. இருவரும் ஒருவரே என்று எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதத்தையும், கணவர் பெயர் தெளிவாக உள்ள ஆதாரையும் இணைத்த பிறகு அதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது கையெழுத்து. கணக்கு தொடங்கியபோது நெளிவு சுளிவோடு போட்ட தமிழ்க் கையெழுத்தை இப்போது நடுங்கும் விரல்களால் அம்மாவால் அப்படியே போட முடியவில்லை. மூன்று முறை முயன்று மூன்றும் வெவ்வேறாக வந்தன. கடைசியில் மாதிரிக் கையெழுத்தையே புதிதாக மாற்றித் தரும் படிவத்தை வாங்கி, அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திடச் செய்தேன். இதை முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாம் நாள் கணக்கு திறந்தது. அதில் நூறு ரூபாய் போட்டு, ஐந்நூறு ரூபாய் எடுத்து, பாஸ்புக்கில் அச்சிட்டு வாங்கினோம். செயலற்றுக் கிடந்த காலத்துக்கும் சேமிப்பு வட்டி வழக்கம்போலச் சேர்ந்தே வந்திருந்தது. உயிர்ப்பித்த கணக்கைக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு வங்கி கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், முழுத்தொகையையும் உடனே வேறு கணக்குக்கு மாற்றப்போனால் கேள்வி வரும் என்று மேலாளர் முன்கூட்டியே சொன்னார். உறங்கும் கணக்குகளில்தான் உள்ளாட்களின் மோசடி எளிது என்பதால் இந்தக் கண்காணிப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்பாவின் கணக்கு வேறு கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தது. பத்து ஆண்டுகளாக யாரும் இயக்காத கணக்கின் இருப்பும், முதிர்வடைந்து பத்து ஆண்டுகளாகக் கோரப்படாத வைப்புத்தொகையும், அதற்கடுத்த மூன்று மாதங்களுக்குள் ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்பட வேண்டும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ் 2014-இல் உருவான நிதி அது. பணம் அரசுக்குப் போய்விட்டது என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொன்னார்; அப்படியில்லை. கணக்குக்காரரோ அவருடைய வாரிசுகளோ எப்போது வந்து கேட்டாலும் அந்தப் பணத்தைத் தந்தாக வேண்டும். அதையும் ரிசர்வ் வங்கியில் போய்க் கேட்க வேண்டியதில்லை, பழைய வங்கியிடமே கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் தேடுவதற்கென்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய ‘உத்கம்’ தளம் இருக்கிறது: udgam.rbi.org.in. கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து உள்ளே போய், கணக்குக்காரரின் பெயர், வங்கி, கூடவே பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறந்த தேதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துத் தேட வேண்டும். அப்பாவுக்குப் பான் அட்டையே கிடையாது. வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. தொண்ணூறுகளில் தொடங்கிய கணக்கில் அந்த எண் எப்படி இருக்கும்? அப்பாவின் உண்மையான பிறந்த தேதியைப் போட்டேன், அதுவும் இல்லை. அப்போது அம்மாதான், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் 1 என்று எழுதிவிட்டாராம், காகிதங்களில் எல்லாம் அதுதான் இருக்கும் என்று நினைவுபடுத்தினார். அந்தத் தேதியோடு, இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போட்டுத் தேடியதும் கிடைத்தது. தளம் கணக்கு எண்ணையோ கிளையையோ காட்டுவதில்லை. வெளியாள் யாரும் ஊகிக்க முடியாத ஓர் அடையாள எண்ணைத்தான் தருகிறது. பழைய பாஸ்புக்கில் இப்போது இல்லாத வங்கியின் பெயர் இருந்தால், அது இணைந்துபோன வங்கியின் பெயரில் தேட வேண்டும். சிண்டிகேட் வங்கி என்றால் கனரா வங்கி, அலகாபாத் வங்கி என்றால் இந்தியன் வங்கி.

டிசம்பரில் அந்த அடையாள எண்ணோடும் பாஸ்புக்கோடும் கிளைக்குப் போனபோது வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதைத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவதற்குள் பல வாரங்கள் ஓடியிருக்கும். நல்லவேளையாக, பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாமினி பதிவு செய்யப்பட்டதற்கான முத்திரை மங்கலாக இருந்தது. பழைய பேரேட்டில் சரிபார்த்தபோது அம்மாவின் பெயர் இருந்தது. நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும், நாமினியின் அடையாளச் சான்றும், உரிமைகோரல் படிவமும் போதும். நாமினி இல்லாத குடும்பங்களுக்குத்தான் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல், பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் இழப்பை ஏற்றுக்கொள்வதாக எழுதித்தரும் ஈட்டுறுதிப் பத்திரம் என்று வேலை நீளும். நாமினி அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை, சட்டப்படியான வாரிசுகளின் சார்பாக வாங்கிக்கொள்கிறார் என்பதையும் அந்தப் படிவத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பதிலே இல்லை. கேட்டால், ரிசர்வ் வங்கியிலிருந்து பணம் வந்த பிறகுதான் கொடுப்போம் என்றார்கள். இது தலைகீழான விளக்கம். திட்டத்தின்படி வங்கி முதலில் உரியவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் நிதியிலிருந்து தனக்குத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு இதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முப்பது நாட்களில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதையும் அதில் சேர்த்திருந்தேன். அங்கே போக வேண்டிய அவசியம் வரவில்லை.

பிப்ரவரி இறுதியில் அம்மாவின் கணக்கில் சுமார் 30,750 ரூபாய் வந்தது. தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கினேன். 2009-இல் இருந்த 18,200 ரூபாய், சேமிப்பு வட்டியோடு வளர்ந்து 2019 நவம்பர் இறுதியில் ஏறக்குறைய 26,400 ரூபாயாக நிதிக்குப் போயிருக்கிறது. அதன்பிறகு நிதி தருவது தனிவட்டி மட்டுமே: 2021 மே 10 வரை ஆண்டுக்கு 3.5 சதவீதம், மறுநாளிலிருந்து 3 சதவீதம். முதல் பகுதிக்குச் சுமார் 1,330 ரூபாய், இரண்டாம் பகுதிக்குச் சுமார் 3,010 ரூபாய். வட்டிக்கு வட்டி கிடையாது என்பதால், 2021 மே மாதத்துக்குப் பிறகு தேடுவதில் நாங்கள் தாமதித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் சேர்ந்தது வெறும் 792 ரூபாய்தான்.

அப்பாவின் கணக்கை அன்றே முடித்துவிட்டார்கள். ‘கணக்கு முடிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்திய பாஸ்புக்கை அம்மா திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.