மண்டபத்து வைஃபையும் 32 மேக் முகவரிகளும்

சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் வாரத்துக்கு மூன்று மாலை எஸ்.பி.எம். மாணவர்களுக்கு டியூஷன் நடக்கிறது. போன வருஷம் அங்கே வைஃபை போட்டார்கள். செம்பனை ஆலையில் வயர்மேன் வேலை பார்க்கிறவன் என்பதால் அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. வயர் வேறு வைஃபை வேறு என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கடவுச்சொல் போட்ட ஒரே வாரத்தில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற வீடுகள் வரை அது போய்விட்டது. தலைவர் கூப்பிட்டு, "தம்பி, பாஸ்வர்டே வேணாம். வயசானவங்களுக்கு ஞாபகமும் இருக்க மாட்டேங்குது. நம்ம ஆளுங்க ஃபோன மட்டும் பதிஞ்சி வை, மத்தவன் வரக்கூடாது" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒவ்வொரு கைப்பேசிக்கும் 12 எழுத்தில் ஒரு மேக் முகவரி உண்டு, அதைப் பட்டியலில் ஏற்றினால் மற்றதை ரவுட்டர் உள்ளே விடாது என்று படித்திருந்தேன். கடவுச்சொல்லை எடுத்துவிட்டு `MAC Filter` பக்கத்தைத் திறந்தேன். அதில் 32 இடம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொருவர் கைப்பேசியிலும் `About phone` பக்கத்தில் இருந்த முகவரியை நோட்டில் எழுதினேன். ரவுட்டரில் ஏற்றிப் பார்த்தால், பாதிக்கு மேல் கைப்பேசிகள் உள்ளேயே போகவில்லை. எழுதியதில்தான் தப்பு என்று நினைத்து எல்லாவற்றையும் இரண்டாவது முறை சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

அப்புறம் ரவுட்டர் பதிவேட்டில் தள்ளிவிடப்பட்ட முகவரிகளைப் பார்த்தபோது, நோட்டில் இல்லாத முகவரிகளாக வரிசை கட்டி நின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கிக் கைப்பேசிகள் தங்கள் சொந்த முகவரியைக் காட்டாமல், சேர்கிற ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைச் செய்து கொடுக்கின்றன. கடைக்குக் கடை நம்மை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. பொய் முகவரியைக் கண்டுபிடிக்கச் சுலபமான அடையாளம் உண்டு. இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் கொடுத்த முகவரி இல்லை. `A4:3B:0E:71:C8:52` என்பதில் இரண்டாவது எழுத்து 4, அது சொந்த முகவரி. `7E:14:C2:05:9B:3D` என்பதில் E, அது கைப்பேசி தானாகச் செய்துகொண்டது.

எனக்கு அப்போது தோன்றிய வழி, பொய்யோ மெய்யோ, தள்ளப்பட்டதை அப்படியே பட்டியலில் சேர்த்துவிடுவது. அது கொஞ்ச நாள் ஓடியது. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒரே வைஃபை பெயருக்கு அதே பொய் முகவரியைத்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கும். ஆனால் எங்கள் ரவுட்டர் `Mandapam`, `Mandapam_5G` என்று இரண்டு பெயரில் ஒளிபரப்பியது. பெயர் மாறினால் முகவரியும் மாறும். ஒரு கைப்பேசிக்கு இரண்டு இடம் போய், 16 பேரோடு பட்டியல் நிறைந்துவிட்டது.

ஐஃபோன்காரர்கள் வேறு விதமாக மாட்டினார்கள். ஐஓஎஸ் 18-இல் `Private Wi-Fi Address` என்ற இடத்தில் `Off`, `Fixed`, `Rotating` என்று மூன்று இருக்கின்றன. கடவுச்சொல் உள்ள நல்ல வைஃபைக்கு அது தானாக `Fixed` வைக்கும். கடவுச்சொல் இல்லாத வைஃபைக்கு `Rotating`, அதாவது இரண்டு வாரம் போலப் போனதும் முகவரியை மாற்றிக்கொள்ளும். கடவுச்சொல்லை எடுத்தது நான்தான். ஆக, டியூஷன் டீச்சர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை என்னைத் தேடி வந்ததற்கும் காரணம் நான்தான்.

கடைசியில் ஒவ்வொரு கைப்பேசியிலும் மண்டபத்து வைஃபைக்கு மட்டும் இந்தப் பொய் முகவரியை நிறுத்தினேன். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் `Privacy` பகுதியில் `Use device MAC`, ஐஃபோனில் `Off`. யாராவது `Forget` அழுத்திவிட்டு மறுபடி சேர்ந்தால் ஆண்ட்ராய்டில் பழைய கதை. ஆனாலும் ஒரு மாதம் அமைதியாகப் போயிற்று.

ஒரு நாள் இரவு 11 மணிக்கு மண்டபத்தில் லைட் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா ரவுட்டர் பக்கத்தைத் திறந்தால், பொருளாளர் கைப்பேசி வைஃபையில் இருப்பதாகக் காட்டியது. அவர் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில், ஆறு கிலோமீட்டர். போன் அடித்தேன். "தூங்கிக்கிட்டு இருக்கேன்டா, என்ன?" என்றார்.

பொலிடெக்னிக்கில் படிக்கிற என் அக்கா மகனை மறுநாள் கூப்பிட்டேன். "மாமா, இது கஷ்டமே இல்ல" என்று மடிக்கணினியைத் திறந்தான். வைஃபை அட்டையைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கும் நிலைக்கு மாற்றினான். இரண்டு நிமிஷத்துக்குள் மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு கைப்பேசியின் மேக் முகவரியும் திரையில் வந்து நின்றது. அவன் எதையும் உடைக்கவில்லை. காற்றில் போகிற ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலைப்பிலும் யாருக்கு, யாரிடமிருந்து என்பது திறந்தே எழுதியிருக்கும். கடவுச்சொல் போட்டாலும் உள்ளே இருப்பதுதான் மறைக்கப்படும், உறை மேல் இருக்கிற விலாசம் மறையாது. அப்புறம் என் அனுமதியோடு, என் கைப்பேசியை அணைக்கச் சொல்லிவிட்டு, அதன் முகவரியைத் தன் கணினிக்குச் சூட்டினான்:

```
sudo ip link set wlan0 down
sudo ip link set wlan0 address A4:3B:0E:71:C8:52
sudo ip link set wlan0 up
```

மூன்றே வரி. ரவுட்டர் அவனை நான் என்று நினைத்து உள்ளே விட்டது. நான் கைப்பேசியைப் போட்டதும் இரண்டுக்கும் இணைப்பு தடுமாறியது, விட்டுவிட்டு வந்தது. பொருளாளர் வீட்டுக்குப் போன பிறகு நுழைந்தவன் அந்த வம்பே வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். யார் என்று இன்றுவரை தெரியாது.

எனக்கு உறைத்தது இதுதான்: என் பட்டியல் தடுத்தது டியூஷன் டீச்சரையும் பொருளாளரையும். திருட வந்தவனுக்கு அதே பட்டியல் வழிகாட்டியாக இருந்தது. கடவுச்சொல் இல்லாததால் எங்கள் ஆட்கள் அனுப்பியதில் வேறு பூட்டில்லாமல் போனதெல்லாம் காற்றில் வெறும் அஞ்சலட்டையாகப் போயிருக்கிறது. அனுமதிப் பட்டியலை எடுத்துவிட்டுத் தடைப் பட்டியல் வைத்தாலும் உதவாது. கணக்குப் பாடத்தில் விளையாடிய பையனின் கைப்பேசியை ஒரு முறை தடுத்தேன். அவன் `Use device MAC` என்று மாற்றிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் புது ஆளாக வந்தான்.

ஃபில்டரை அணைத்தேன். WPA2/WPA3 கலந்த பூட்டு முறையில் 16 எழுத்துக் கடவுச்சொல் போட்டேன். WPA3 மட்டும் வைத்தால் தலைவரின் பழைய கைப்பேசி சேரவில்லை, அதனால்தான் கலப்பு. கடவுச்சொல் அடிக்காமலே சேர விடுகிற WPS-ஐ நிறுத்தினேன். மாணவர்களுக்குத் தனியாக விருந்தினர் வைஃபை, அதில் ஒரு கைப்பேசி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி அமைத்து, ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும் அதன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றுகிறேன். அது கசியத்தான் செய்யும், கசிந்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். பெரியவர்களுக்குக் கடவுச்சொல்லை மனப்பாடம் செய்யும் தொல்லை வேண்டாம் என்று கியூஆர் குறியீட்டை அச்சடித்து அலுவலக அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

தலைவர் அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து வைஃபைக்குள் போன அன்று, "இத முதல்லயே செஞ்சிருக்கலாமேடா" என்றார். பாஸ்வர்டே வேண்டாம் என்று சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.